வங்கி சிஎஸ்வி கோப்பைக் கணக்கு மென்பொருள் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

வங்கி தரும் கோப்பில் ஏழு நெடுவரிசைகள் இருக்கும். கணக்கு மென்பொருள் மூன்றுதான் கேட்கும். நான்கை நீக்கினால் முடிந்தது என்று நினைத்துத்தான் பலரும் உட்காருகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து, மார்ச் மாதக் கணக்கில் ஜூலை தேதி எப்படி வந்தது என்று திரையை முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

நெடுவரிசையை நீக்குவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. தேதி, பணத்தின் குறி, எந்த வேலையை முதலில் செய்வது என்கிற வரிசை, இந்த மூன்றில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். ஒரு சிறிய கோப்பை எடுத்து, தொடக்கம் முதல் மென்பொருளில் ஏற்றுவது வரை கீழே செய்து காட்டியிருக்கிறேன்.

## 1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

வங்கித் தளத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பு வேண்டும். இறக்கியபின் அதை யாரும் எக்செல்லில் திறந்து சேமித்திருக்கக் கூடாது. அப்படிச் சேமித்துவிட்டது தெரிந்தால் யோசிக்காமல் மறுபடி இறக்குங்கள். காரணம் 4-ஆம் பகுதியில் வருகிறது.

அதே காலத்துக்கான ஸ்டேட்மெண்டைப் பிடிஎஃப் வடிவிலும் இறக்கி வையுங்கள். அதிலிருந்து நமக்கு வேண்டியவை இரண்டே எண்கள்: தொடக்க இருப்பு, இறுதி இருப்பு. வேலை முடிந்ததா இல்லையா என்பதை அந்த இரண்டு எண்கள்தான் தீர்மானிக்கும்.

கருவி என்று பார்த்தால் ஒரு விரிதாளும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரும் போதும். நான் லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்துச் சொல்கிறேன். சிஎஸ்வியைத் திறக்கும்போது அது ஒவ்வொரு நெடுவரிசையையும் எப்படி எடுத்துக்கொள்வது என்று நம்மைக் கேட்கும். இந்த வேலைக்கு அது பெரிய வசதி. எக்செல்காரர்களுக்கான வித்தியாசங்களை அங்கங்கே சொல்கிறேன்.

இறக்கிய கோப்பை ஒரு நகல் எடுத்து, மூலத்தைத் தனி ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். இனி தொடுவதெல்லாம் நகலை மட்டும்.

## 2. வங்கிக் கோப்பைத் திறக்கும் முன், மென்பொருள் என்ன கேட்கிறது என்று பாருங்கள்

புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் வங்கிக் கோப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கோப்பைச் சுத்தம் செய்து, அழகாக்கி, கடைசியில் மென்பொருள் வேறொன்று கேட்டதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். போய்ச் சேர வேண்டிய வடிவத்தை முதலில் தெரிந்துகொண்டால் இந்த இரட்டை வேலை இல்லை.

பெரும்பாலான மென்பொருள்களில் இறக்குமதிப் பக்கத்திலேயே ஒரு மாதிரிக் கோப்பு கிடைக்கும். குவிக்புக்ஸ் ஆன்லைன் இரண்டு வடிவங்களை ஏற்கிறது: தேதி, விவரம், தொகை என்று மூன்று நெடுவரிசை, அல்லது தொகைக்குப் பதில் வரவு, பற்று இரண்டும் தனித்தனியாக நான்கு நெடுவரிசை. க்னூகேஷ் கோப்பைத் திறந்து, எந்த நெடுவரிசை எது என்று உங்களையே குறிக்கச் சொல்லும்.

எதுவாக இருந்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். எந்த நெடுவரிசைகள், எந்தப் பெயரில்? தேதி எந்த வரிசையில்: நாள் முதலிலா, மாதம் முதலிலா, ஆண்டு முதலிலா? வெளியே போன பணம் கழித்தல் குறியோடு வர வேண்டுமா, தனி நெடுவரிசையிலா?

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் விடைகள் இவை: `Date`, `Description`, `Amount` என்று மூன்று நெடுவரிசை, தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், உள்ளே வந்த பணம் கூட்டல், வெளியே போனது கழித்தல்.

## 3. மூலக் கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் பார்த்துவிடுங்கள்

விரிதாள் ஒரு கோப்பைக் காட்டும்போது தன் கருத்தையும் சேர்த்துத்தான் காட்டும். முன்னால் இருக்கும் சுழியங்களை விழுங்கும், தேதியைத் தன் பாணிக்கு மாற்றும். கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது எடிட்டரில்தான் தெரியும். நம் உதாரணக் கோப்பு இது:

```
Account Statement
Account No,XXXXXXXX4417
Period,01/03/2025 - 31/03/2025

Txn Date,Value Date,Description,Ref No,Debit,Credit,Balance
,,Opening Balance,,,,"12,400.00"
05/03/2025,05/03/2025,"TRANSFER FROM CUSTOMER, INV 118",000451208833,,"8,250.00","20,650.00"
07/03/2025,07/03/2025,CARD PURCHASE STATIONERY,000451977120,"1,135.50",,"19,514.50"
12/03/2025,12/03/2025,RENT MARCH,000452310094,"6,000.00",,"13,514.50"
18/03/2025,18/03/2025,CHEQUE DEPOSIT,000452688301,,"2,400.00","15,914.50"
29/03/2025,31/03/2025,SERVICE CHARGE,,"25.00",,"15,889.50"
Total,,,,"7,160.50","10,650.00",
```

இதில் கவனிக்க வேண்டியவை சில. உண்மையான தலைப்பு வரி ஐந்தாவதுதான். மேலே இருக்கும் நான்கும் வெறும் அறிமுகம். கடைசி வரி கூட்டுத்தொகை, அது பரிவர்த்தனை அல்ல. அதை விட்டுவைத்தால் மென்பொருள் தேதி இல்லை என்று முரண்டு பிடிக்கும்.

முதல் பரிவர்த்தனையின் விவரத்துக்குள் ஒரு காற்புள்ளி இருக்கிறது. மேற்கோள் குறிக்குள் இருப்பதால் சிக்கல் இல்லை. சில வங்கிகள் மேற்கோள் குறி போடாமலே அனுப்பும். அப்போது அந்த ஒரு வரியில் மட்டும் எல்லாம் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்து, கிரெடிட் தொகை இருப்பு நெடுவரிசையில் போய் உட்கார்ந்திருக்கும். அந்த வரிகளைக் கையால்தான் திருத்த வேண்டும், குறுக்குவழி கிடையாது.

நெடுவரிசைகளைப் பிரிப்பது காற்புள்ளியா அரைப்புள்ளியா என்பதையும் இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் சிஎஸ்வி என்றாலும் அரைப்புள்ளி போட்டு வரும் கோப்புகள் நிறைய.

## 4. எல்லா நெடுவரிசையையும் எழுத்தாகவே உள்ளே கொண்டுவாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

என்னிடம் வேலை பழகிய ஒருவர் இதே மாதிரி ஒரு கோப்பை இரட்டைக் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தார். அவர் கணினி மாதம்-நாள்-ஆண்டு முறையில் அமைந்திருந்தது. `05/03/2025` என்பதை எக்செல் மே 3 என்று எடுத்துக்கொண்டது. `07/03` ஜூலை 3 ஆனது, `12/03` டிசம்பர் 3 ஆனது. ஆனால் `18/03/2025`-இல் 18-ஆவது மாதம் என்று ஒன்று இல்லையே. அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. ஆக, ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதி, பாதி தேதியே அல்ல. கோப்பு முழுக்கத் தவறாக இருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். பாதி சரி போலத் தெரிந்ததால் அவர் அப்படியே சேமித்துவிட்டார்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. தேதி நெடுவரிசையைப் பாருங்கள்: சில வரிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நின்றால் விரிதாள் கலந்துகட்டி அடித்திருக்கிறது என்று பொருள். எண்ணும் தேதியும் வலப்பக்கம் ஒதுங்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும்.

குறிப்பு எண்ணுக்கும் இதே கதிதான். `000451208833` என்பதன் முன்னால் உள்ள மூன்று சுழியங்கள் காணாமல் போகும். இன்னும் நீளமான எண் என்றால் எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், அதற்குமேல் உள்ளதைச் சுழியமாக்கிவிடும். சேமித்தபின் அந்த இலக்கங்களை மீட்கவே முடியாது. மூலத்தைத் தொடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

சரி, செய்ய வேண்டியது இது. கால்க்கில் கோப்பைத் திறந்தால் `Text Import` என்ற பெட்டி வரும். அதில் `Character set` என்ற இடத்தில் `Unicode (UTF-8)`, `From row` என்ற இடத்தில் 5, பிரிப்பானாக `Comma`. கீழே முன்னோட்டத்தில் முதல் நெடுவரிசையின் தலையைக் கிளிக் செய்து, ஷிஃப்ட் அழுத்தியபடி கடைசி நெடுவரிசையைக் கிளிக் செய்யுங்கள். எல்லாம் தேர்வானதும் `Column type` பட்டியலில் `Text` என்று மாற்றுங்கள். முன்னோட்டத்தில் விவரங்கள் புரியாத குறிகளாகத் தெரிந்தால் எழுத்துக் குறியாக்கத்தை மாற்றிப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

எக்செல்லில் இரட்டைக் கிளிக் வேண்டாம். மேலே உள்ள நான்கு வரிகளை நகலில் எடிட்டரிலேயே நீக்கிவிட்டு, `Data` தாவலில் `From Text/CSV` வழியாகப் போய், `Data Type Detection` என்ற இடத்தில் `Do not detect data types` தேர்ந்தெடுங்கள். இந்த வழியில் `Column1`, `Column2` என்று ஒரு தலைப்பு வரி கூடுதலாக வரலாம். வந்தால் கீழே நான் சொல்லும் வரி எண்கள் எல்லாம் உங்களுக்கு ஒன்று தள்ளியிருக்கும்.

உள்ளே வந்ததும் இதை `.ods` அல்லது `.xlsx` ஆகச் சேமியுங்கள். இப்போதே சிஎஸ்வியாகச் சேமித்தால் அடுத்த முறை திறக்கும்போது மறுபடி இதே கதை நடக்கும்.

## 5. தேதி: வெட்டி ஒட்டுங்கள்

இப்போது தாளில் வரி 1 தலைப்பு, வரி 2 தொடக்க இருப்பு, வரி 3 முதல் 7 வரை பரிவர்த்தனைகள், வரி 8 கூட்டுத்தொகை. வங்கியின் நெடுவரிசைகள் `A` முதல் `G` வரை. அவற்றை மாற்றாமல், `H`-ஐ இடைவெளிக்காகக் காலியாக விட்டு, `I`-இலிருந்து நம் நெடுவரிசைகளை அமைப்போம். ஒரே வரியில் மூலமும் மாற்றியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தவறு சட்டென்று தெரியும்.

`I3` செல்லில்:

```
=MID(A3,7,4)&"-"&MID(A3,4,2)&"-"&LEFT(A3,2)
```

விடை `2025-03-05`. தேதிச் சூத்திரம் போட்டு நிஜத் தேதியாக மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம். ஆனால் நிஜத் தேதி என்றால் அதை எப்படிக் காட்டுவது என்பதைக் கணினியின் அமைப்பு தீர்மானிக்கும், சேமிக்கும்போது மறுபடி உருமாறும். எழுத்தாகவே வைத்திருந்தால் அதன்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். உங்கள் மென்பொருள் வேறு வரிசை கேட்டால் மூன்று துண்டுகளின் இடத்தை மாற்றினால் போதும்.

நாளும் மாதமும் எப்போதும் இரண்டு இலக்கத்தில் இருந்தால்தான் இந்தச் சூத்திரம் வேலை செய்யும். `5/3/2025` என்று எழுதும் வங்கியாக இருந்தால் விடை கோணலாக வரும், பார்த்ததும் தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: இரண்டு தேதி இருக்கிறதே, எதை எடுப்பது? நம் கடைசி வரியில் பரிவர்த்தனைத் தேதி 29, மதிப்புத் தேதி 31. வட்டி கணக்கிட மதிப்புத் தேதி உதவும். ஆனால் ஸ்டேட்மெண்டின் வரிசையும் இருப்பும் பரிவர்த்தனைத் தேதியைப் பின்பற்றுவதால், பிற்பாடு வங்கிக் கணக்கோடு ஒப்பிட அதுவே வசதி. எதை எடுத்தாலும் மாதத்துக்கு மாதம் மாற்றாதீர்கள்.

## 6. தொகை: இரண்டு நெடுவரிசையை ஒன்றாக்குதல்

கணக்கியல் படித்தவர்களே அதிகம் தடுமாறும் இடம் இது. நம் ஏட்டில் வங்கி என்பது ஒரு சொத்து. பணம் உள்ளே வந்தால் வங்கிக் கணக்கில் பற்று எழுதுவோம். வங்கியின் ஏட்டிலோ நம் பணம் அவர்கள் நமக்குத் தர வேண்டிய கடன். அதனால் பணம் வந்தால் அவர்கள் `Credit` என்று எழுதுகிறார்கள். ஸ்டேட்மெண்ட் அவர்கள் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டது. அதில் உள்ள `Debit`-ஐ நம் பற்று என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

அதனால் இந்தச் சொற்களையே மறந்துவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த வரிக்குப் பிறகு இருப்பு ஏறியதா, இறங்கியதா? ஏறினால் கூட்டல், இறங்கினால் கழித்தல். 7-ஆம் தேதி வரியில் இருப்பு 20,650-இலிருந்து 19,514.50-க்கு இறங்குகிறது. ஆக `Debit` நெடுவரிசை கழித்தல்.

`J`-ஐ விவரத்துக்கு விட்டுவிட்டு, `K3` செல்லில்:

```
=ROUND(NUMBERVALUE("0"&F3,".",",")-NUMBERVALUE("0"&E3,".",","),2)
```

`NUMBERVALUE` எழுத்தை எண்ணாக்குகிறது. தசமப் புள்ளி எது, ஆயிரம் பிரிக்கும் குறி எது என்பதை நாமே சொல்லிவிடுவதால் கணினியின் அமைப்பைப் பற்றிக் கவலை இல்லை. முன்னால் ஒட்டும் சுழியம் காலிச் செல்லுக்காக: ஒவ்வொரு வரியிலும் இரண்டில் ஒன்று காலியாகத்தான் இருக்கும், அப்போது அது `0` ஆகிவிடும். `ROUND` போடுவது, தசம எண்களைக் கணினி உள்ளே இரும எண்ணாக வைப்பதால் கடைசியில் தொங்கும் துணுக்குகளை வெட்ட.

சில கணினிகளில் சூத்திரத்துக்குள் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கும். எக்செல்லில் விடை வராமல் சூத்திரமே எழுத்தாக நின்றால், அந்தச் செல்லும் எழுத்து வகையாகிவிட்டது என்று பொருள். வகையை `General` ஆக்கி, சூத்திரத்தை மறுபடி உள்ளிடுங்கள்.

`#VALUE!` வந்தால் அந்தச் செல்லில் எண்ணோடு வேறு ஏதோ ஒட்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒட்டு என்றால் நாணயக் குறியோ `Cr` என்ற எழுத்தோ. தெரியாத ஒட்டு என்றால் பெரும்பாலும் உடையா இடைவெளி. பார்க்கச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும். அந்தச் செல்லிலிருந்தே அதை நகலெடுத்து, தேடி மாற்றும் பெட்டியில் ஒட்டி, வெற்றிடமாக மாற்றுங்கள்.

எல்லா வங்கியும் இரண்டு நெடுவரிசை தருவதில்லை. ஒரே தொகை நெடுவரிசையும், பக்கத்தில் `DR` அல்லது `CR` என்ற அடையாளமும் தருபவை உண்டு. தொகை `E`-இலும் அடையாளம் `F`-இலும் இருந்தால்:

```
=IF(TRIM(F3)="DR",-1,1)*NUMBERVALUE(E3,".",",")
```

கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டில் இன்னொரு பொறி இருக்கிறது. அங்கே இருப்பு என்பது நாம் தர வேண்டிய கடன். வாங்கியதைக் கூட்டலாகவும் கட்டியதைக் கழித்தலாகவும் காட்டும் கோப்புகள் நிறைய. நம் மென்பொருளுக்கு அது நேர் எதிர், அதனால் முழு நெடுவரிசையையும் `-1`-ஆல் பெருக்க வேண்டும்.

## 7. வரிக்கு வரி இருப்பைச் சரிபாருங்கள்

இருப்பு நெடுவரிசை மென்பொருளுக்குத் தேவையில்லை என்பதால் முதல் வேலையாக அதை நீக்கிவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பதறும். நம் வேலையைச் சரிபார்க்க வங்கியே கொடுத்த விடைத்தாள் அது.

`L3` செல்லில்:

```
=ROUND(NUMBERVALUE(G2,".",",")+K3-NUMBERVALUE(G3,".",","),2)
```

முந்தைய இருப்போடு இந்த வரியின் தொகையைக் கூட்டினால் இந்த வரியின் இருப்பு வர வேண்டும். எனவே விடை எப்போதும் சுழியம். `I`, `K`, `L` மூன்றையும் ஏழாவது வரி வரை இழுத்துவிடுங்கள். `L`-இல் முழுக்கச் சுழியம் என்றால் தொகையும் குறியும் சரி, நடுவில் வரி எதுவும் விடுபடவில்லை.

சுழியம் இல்லாதபோதுதான் இது இன்னும் உதவுகிறது, ஏனென்றால் என்ன தவறு என்றும் அதுவே சொல்லும். வாடகை வரியில் குறி மாறி 6,000 கூட்டலாகியிருந்தால் `L` 12,000 காட்டும்: தொகையின் இரு மடங்கு. ஒரு வரி விடுபட்டிருந்தால் அந்த வரியின் தொகையே வரும். 7-ஆம் தேதி வரி தொலைந்திருந்தால், அடுத்த வரியான வாடகையில் 1,135.50 தெரியும். தேடி அலைய வேண்டாம், பிடிஎஃப்-இல் அந்தத் தொகையைப் பார்த்தால் போதும்.

எல்லா வரியிலும் தவறு காட்டினால், கோப்பு புதியது மேலே, பழையது கீழே என்ற வரிசையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் முந்தைய இருப்பு ஒரு வரி கீழே இருக்கும். சூத்திரத்தில் `G2`-க்குப் பதில் `G4` போடுங்கள். தேதியை வைத்து வரிசைப்படுத்திச் சரிசெய்யலாம் என்று இறங்காதீர்கள். ஒரே நாளில் மூன்று பரிவர்த்தனை இருந்தால் அவற்றுக்குள் எது முன்பு என்பது கலைந்துவிடும், இருப்பு பொருந்தவே பொருந்தாது.

சில கோப்புகளில் தொடக்க இருப்பு வரி இருக்காது. அப்போது முதல் பரிவர்த்தனையின் இருப்பிலிருந்து அதன் தொகையைக் கழியுங்கள். வருவது பிடிஎஃப்-இல் உள்ள தொடக்க இருப்போடு ஒத்துப்போக வேண்டும்.

இருப்பு நெடுவரிசையே தராத வங்கி என்றால் மொத்தமாகத்தான் பார்க்க முடியும்: தொடக்க இருப்போடு `K`-இன் கூட்டுத்தொகையைக் கூட்டினால் இறுதி இருப்பு. நம் கோப்பில் `K` கூட்டுத்தொகை 3,489.50, 12,400-ஓடு கூட்டினால் 15,889.50. பொருந்துகிறது.

## 8. விவரம்

`J3` செல்லில் `=TRIM(C3)` போட்டு இழுத்துவிடுங்கள். முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளும், நடுவில் இரட்டிப்பாக வரும் இடைவெளிகளும் போய்விடும். விவரத்தை வைத்துத் தானாக வகைப்படுத்தும் விதிகள் உங்கள் மென்பொருளில் இருந்தால் இது முக்கியம். ஒரு இடைவெளி கூடினாலும் விதி பொருந்தாமல் போகலாம்.

விவரத்தை அழகாகத் திருத்தி எழுதும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு வரியை வங்கி ஸ்டேட்மெண்டில் தேடும்போது அதே சொற்கள் இருந்தால்தான் கிடைக்கும்.

## 9. சிஎஸ்வியாக வெளியே எடுத்தல்

`I3` முதல் `K7` வரை நகலெடுத்து, புதிய தாளில் மதிப்புகளை மட்டும் ஒட்டும் `Paste Special` வழியாக, இரண்டாவது வரியிலிருந்து ஒட்டுங்கள். முதல் வரியில் `Date`, `Description`, `Amount` என்று மாதிரிக் கோப்பில் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். தொடக்க இருப்பு வரியும் கூட்டுத்தொகை வரியும் இந்தத் தாளுக்கு வரவே கூடாது. தொடக்க இருப்பையும் ஏற்றிவிட்டால் மென்பொருள் அதை 12,400 வருமானம் என்று நினைத்துக்கொள்ளும்.

தொகை நெடுவரிசையின் எண் வடிவத்தை `0.00` என்று வையுங்கள். கால்க் சேமிக்கும்போது `Save cell content as shown` தேர்வில் இருந்தால் திரையில் தெரிவதைத்தான் எழுதும். ஆயிரம் பிரிக்கும் குறியோடு தெரிந்தால் அது அப்படியே கோப்புக்குள் போய், கழித்த தொல்லை மறுபடி வரும்.

`Save As` கொடுத்து, வகை `Text CSV`, `Edit filter settings` தேர்வு. அடுத்த பெட்டியில் `Unicode (UTF-8)`, காற்புள்ளி. கால்க் திறந்திருக்கும் தாளை மட்டும்தான் சேமிக்கும் என்று எச்சரிக்கும். அதுதான் நமக்கும் வேண்டும்.

எக்செல்லில் `CSV UTF-8 (Comma delimited)` என்ற வகை. இதில் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி ஒன்று சேரும். சில மென்பொருள்கள் அதையும் தலைப்பின் பகுதியாகப் படித்துவிட்டு, `Date` என்ற நெடுவரிசை இல்லை என்று அடம்பிடிக்கும். திரையில் `Date` தெளிவாகத் தெரியும்போது இப்படிச் சொன்னால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். எடிட்டரில் திறந்து, அந்தக் குறி இல்லாத யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் தீர்ந்தது.

முடிந்த கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். இப்படி இருக்க வேண்டும்:

```
Date,Description,Amount
2025-03-05,"TRANSFER FROM CUSTOMER, INV 118",8250.00
2025-03-07,CARD PURCHASE STATIONERY,-1135.50
2025-03-12,RENT MARCH,-6000.00
2025-03-18,CHEQUE DEPOSIT,2400.00
2025-03-29,SERVICE CHARGE,-25.00
```

சரிபார்க்கிறேன் என்று இதை எக்செல்லில் திறந்து, பழக்கத்தில் சேமி என்று அழுத்திவிடுபவர்கள் உண்டு. அத்தோடு தேதி போச்சு.

## 10. ஏற்றுதல்

முதலில் கணக்குக் கோப்பின் காப்பு நகல் எடுங்கள். ஏற்றிய வரிகளை மொத்தமாகத் திரும்பப் பெறும் வசதி எல்லா மென்பொருளிலும் இல்லை. ஒவ்வொன்றாக அழிப்பது என்ன பாடு என்பது எனக்குத் தெரியும். ஒரு முறை 214 வரிகளைக் குறி மாற்றி ஏற்றிவிட்டு, ஒரு மாலை முழுக்க அழித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நான் எப்போதும் இரண்டே வரிகள் உள்ள ஒரு சோதனைக் கோப்பைத்தான் முதலில் ஏற்றுகிறேன்: ஒரு வரவு, ஒரு செலவு. கணக்கின் நகலில் செய்வது நல்லது. வரவு வந்ததும் வங்கி இருப்பு ஏற வேண்டும், தேதி மார்ச்சில் விழ வேண்டும். தேதி வடிவத்தைக் கேட்கும் மென்பொருளாக இருந்தால் இங்கே சரியானதைத் தேர்ந்தெடுங்கள். சோதனைக்கு 5-ஆம் தேதி மாதிரி குழப்பக்கூடிய ஒரு நாளையும் 18 மாதிரி குழப்ப முடியாத ஒரு நாளையும் எடுத்தால், தவறு இருந்தால் ஒளிய இடம் இருக்காது.

இரண்டும் சரி என்றால் முழுக் கோப்பையும் ஏற்றுங்கள். சோதனையை உண்மையான கணக்கிலேயே செய்திருந்தால் அந்த இரண்டு வரிகளை முதலில் நீக்கிவிடுங்கள்.

ஏற்றி முடித்ததும் மென்பொருளில் உள்ள வங்கி இருப்பை இறுதி இருப்போடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். நம் கோப்பு முழுக்கக் குறி மாறி ஏறியிருந்தால் மென்பொருள் 8,910.50 காட்டும். வித்தியாசம் 6,979, அதாவது 3,489.50-இன் சரியான இரு மடங்கு. வித்தியாசம் எந்த வகையிலும் பிடிபடாவிட்டால், இந்த மாதத்துக்கு முன்பே மென்பொருளின் இருப்பு தவறாக இருந்திருக்கலாம். மார்ச் 1 அன்று அது 12,400 காட்டுகிறதா என்று பாருங்கள்.

## 11. அடுத்த மாதம் மறுபடி செய்யும்போது

இரண்டாவது மாதத்தில்தான் இரட்டிப்பு வரிகள் தலைகாட்டும். மார்ச்சை 29-ஆம் தேதி வரை ஏற்றிவிட்டு, அடுத்த கோப்பை 29-இலிருந்து இறக்கினால் சேவைக் கட்டணம் இரண்டு முறை வரும். 30-இலிருந்து இறக்கினால், 29-ஆம் தேதிக்கே தாமதமாகப் பதிவான ஒரு வரி விடுபடலாம். முழு மாதம் முடிந்து, ஓரிரு நாள் விட்டு, 1 முதல் கடைசி நாள் வரை இறக்குவதே தொல்லையில்லாத வழி.

மென்பொருளே இரட்டிப்பைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். சில மென்பொருள்கள் தேதியும் தொகையும் ஒன்றாக இருந்தால் இரட்டிப்பு என்று முடிவு கட்டும். ஒரே நாளில் ஒரே தொகைக்கு இரண்டு உண்மையான பரிவர்த்தனைகள் இருந்தால் ஒன்றை விழுங்கிவிடும். உங்கள் மென்பொருளில் குறிப்பு எண்ணுக்கு நெடுவரிசை இருந்தால் `D` நெடுவரிசையையும் சேர்த்து அனுப்புங்கள். எழுத்தாகவே உள்ளே கொண்டுவந்ததால் முன்சுழியங்கள் பத்திரமாக இருக்கும்.

சூத்திரங்கள் உள்ள தாளை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கோப்பை இதே போல எழுத்தாகத் திறந்து, `A` முதல் `G` வரை ஒட்டி, சூத்திரங்களைக் கடைசிப் பரிவர்த்தனை வரை இழுத்தால் வேலை முடிந்தது. ஒட்டும் முன் தலைப்பு வரியை மட்டும் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். வங்கிகள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நெடுவரிசையைச் சேர்ப்பதும் இடம் மாற்றுவதும் உண்டு. நீங்கள் கவனிக்காமல் ஒட்டிவிட்டாலும், தொகையோ இருப்போ இடம் மாறியிருந்தால் `L` நெடுவரிசையில் முதல் வரியிலேயே சுழியம் இருக்காது.